கழித்து நிற்கும் கணக்கு: அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

வங்கிகளின் காலாண்டு முடிவு வரும் வாரங்களில் வணிகச் செய்திகளில் ஒரே மாதிரி ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். ‘மொத்த வாராக்கடன் 4 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைந்தது. நிகர வாராக்கடன் மாற்றமில்லை’. படித்துவிட்டுக் கடந்துபோய்விடுவோம். ஆனா கொஞ்சம் நின்று யோசித்தால் இது விசித்திரமான வரி. கெட்ட கடன் இவ்வளவு குறைந்திருக்கிறது என்றால் நிகரமும் குறைய வேண்டும்தானே? ஏன் அசையவே இல்லை?

இதற்கான பதில் வங்கியில் இல்லை. கணக்குப் பதிவில் இருக்கிறது. ‘கான்ட்ரா அக்கவுண்ட்’ என்று ஒன்று உண்டு. பாடப்புத்தகத் தமிழில் எதிர் கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் வங்கிச் செய்தி மட்டுமல்ல, நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். டாலியில் `F4` அழுத்தினால் வருகிற `Contra` வவுச்சர் வேறு. அது கையிருப்புப் பணத்தை வங்கியில் போடுவது, வங்கியிலிருந்து எடுப்பது போன்ற பதிவுகளுக்கானது. நாம் பேசப்போவது அதுவல்ல. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

எதிர் கணக்கு என்றால்?

சொத்துக் கணக்குகளுக்கு இயல்பாகப் பற்று இருப்பு, அதாவது டெபிட் பேலன்ஸ் இருக்கும். அந்தச் சொத்தை ஒட்டியே, ஆனால் வரவு இருப்போடு, அதாவது கிரெடிட் பேலன்ஸோடு ஒரு கணக்கு நிற்கும். அதன் ஒரே வேலை, பக்கத்தில் இருக்கும் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது. அது கடன் அல்ல, யாருக்கும் நாம் கொடுக்க வேண்டிய பணமும் அல்ல. தனியாக எடுத்துப் பார்த்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. திரண்ட தேய்மானமும் ஐயக்கடன் ஒதுக்கீடும்தான் இதில் அதிகம் கண்ணில் படுபவை.

சரி, நேரடியாகச் சொத்திலேயே கழித்துவிட்டால் என்ன? எதற்கு இன்னொரு கணக்கு? இந்தக் கேள்விக்கு எண்களை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். கோவையில் பம்ப் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு இயந்திரத்தின் கதை

அந்தக் கம்பெனி 2021 ஏப்ரல் 1 அன்று 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு இயந்திரம் வாங்குகிறது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் என்று சொல்கிறது. கடைசியில் மிஞ்சும் எச்ச மதிப்பு சாதாரணமாக வாங்கிய விலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 30 லட்சத்தில் 5 சதவீதம் 1.5 லட்சம். மீதி 28.5 லட்சத்தை 15 ஆண்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 1.9 லட்சம் தேய்மானம்.

ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் கணக்காளர் போடும் பதிவு இதுதான்: தேய்மானச் செலவு பற்று 1,90,000, திரண்ட தேய்மானம் வரவு 1,90,000. செலவு அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போய், ஆண்டு முடிந்ததும் பூஜ்யமாகிவிடும். ஆனால் திரண்ட தேய்மானம் அழியாது. ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். 2025 மார்ச் 31 அன்று நிலைமை இப்படி இருக்கும்:

இயந்திரம், வாங்கிய விலை – 30,00,000
கழிக்க: திரண்ட தேய்மானம் – (7,60,000)
நிகர மதிப்பு – 22,40,000

இயந்திரக் கணக்கில் கை வைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 30 லட்சம் அப்படியே இருக்கிறது. தேய்ந்தது எவ்வளவு என்பது தனியே தெரிகிறது. அடைப்புக்குறி, ‘இதைக் கழிக்க வேண்டும்’ என்பதற்கான கணக்காளர் அடையாளம்.

இப்போது பக்கத்துத் தெருவில் இன்னொரு கம்பெனி. அங்கே இயந்திரங்களின் மொத்த மதிப்பு 1 கோடி. திரண்ட தேய்மானம் 77.6 லட்சம். நிகரம்? அதே 22.4 லட்சம்தான். நிகர எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு கம்பெனியும் இரட்டையர் மாதிரி இருக்கும். ஆனால் முதல் கம்பெனியின் இயந்திரம் கால்வாசிதான் தேய்ந்திருக்கிறது. இரண்டாவதில் முக்கால்வாசிக்கும் மேல் தேய்ந்துவிட்டது. சீக்கிரமே பெரிய தொகை போட்டு இயந்திரங்களை மாற்ற வேண்டியிருக்கும். அங்கே வேலைக்குச் சேரப் போகிறவருக்கும், கடன் கொடுக்கப் போகிற வங்கி அதிகாரிக்கும் இது தெரிய வேண்டிய விஷயம். சொத்திலேயே நேரடியாகக் கழித்திருந்தால் இந்தத் தகவல் காணாமல் போயிருக்கும்.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 7.6 லட்சம் ‘சேர்ந்திருக்கிறது’ என்றதும் எங்கேயோ வங்கியில் அந்தப் பணம் பத்திரமாக இருக்கிறது, இயந்திரம் பழசானால் எடுத்துப் புதுசு வாங்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு பணம் கிடையாது. திரண்டிருப்பது தேய்வின் கணக்கு, காசு அல்ல. அதேபோல 22.4 லட்சம் என்பது சந்தை விலையும் இல்லை. நாளைக்கே விற்றால் கூடவும் கிடைக்கலாம், குறைவாகவும் கிடைக்கலாம்.

விற்கும்போது நடக்கும் பிழை

அந்த இயந்திரத்தை 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் 20 லட்சத்துக்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். புத்தக மதிப்பு 22.4 லட்சம் என்பதால் 2.4 லட்சம் நட்டம். இதுவரை சிக்கல் இல்லை. சரியான பதிவில் இயந்திரக் கணக்கிலிருந்து முழு 30 லட்சமும் வெளியேற வேண்டும். திரண்ட தேய்மானத்திலிருந்து 7.6 லட்சமும் வெளியேற வேண்டும்.

அவசரத்தில் நடப்பது வேறு. நிகர மதிப்பு 22.4 லட்சத்தை மட்டும் இயந்திரக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். நட்டம் சரியாக 2.4 லட்சம்தான் வரும். இருப்புநிலைக் குறிப்பும் டேலி ஆகிவிடும். ஆனால் மொத்த மதிப்பில் 7.6 லட்சமும், எதிர் கணக்கில் 7.6 லட்சமும் மிச்சம் நிற்கும். ஒன்றை ஒன்று கழித்தால் பூஜ்யம் என்பதால் யார் கண்ணிலும் படாது. விற்றுப்போன இயந்திரம் பேரேட்டில் ஆவியாக அலைந்துகொண்டிருக்கும். இப்படிப் பத்து இயந்திரம் விற்ற கம்பெனியில், ‘எங்கள் இயந்திரங்கள் எவ்வளவு பழசு’ என்ற கணக்கே கோணலாகிவிடும். கண்டுபிடிக்க ஒரே வழி, சொத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தொழிற்கூடத்துக்குள் நடந்து, ஒவ்வொரு இயந்திரமாக எண்ணிப் பார்ப்பதுதான்.

இது பிழை. வேண்டுமென்றே செய்வதும் உண்டு. எப்படி என்று பார்க்க, இயந்திரத்தை விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்று மாற்றிக்கொள்வோம். நான்கு ஆண்டு கழித்து நிர்வாகம், ‘இது 15 இல்லை, 20 ஆண்டு ஓடும்’ என்று முடிவெடுக்கிறது. மீதி மதிப்பு 22.4 லட்சத்தில் எச்ச மதிப்பு 1.5 லட்சம் போக 20.9 லட்சத்தை இனி 16 ஆண்டுக்குப் பிரிக்க வேண்டும். ஆண்டுத் தேய்மானம் 1,30,625 ரூபாய். ஒரு உதிரிபாகம்கூட கூடுதலாக விற்காமல் ஆண்டு லாபம் 59,375 ரூபாய் ஏறிவிட்டது. இயந்திரம் உண்மையிலேயே 20 ஆண்டு ஓடும் என்பதற்குத் தொழில்நுட்ப ஆதாரம் இருந்தால் இது சட்டப்படி சரி. இல்லாவிட்டால் மோசடி.

அமெரிக்காவின் குப்பை அள்ளும் நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட் 1990-களில் சிக்கியது இதில்தான். குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டியது, ஆதாரமே இல்லாமல் எச்ச மதிப்பை உயர்த்திக் காட்டியது, இன்னும் சில வேலைகள். 1998-ல் பழைய கணக்குகளைத் திருத்தியபோது கூடுதலாகக் காட்டப்பட்டிருந்த லாபம் 170 கோடி டாலர் என்று தெரிந்தது. 2002 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனரையும் மற்ற ஐந்து உயர் அதிகாரிகளையும் எதிர்த்து வழக்குப் போட்டது. கள்ள பில் எதுவும் இல்லாமலே, ‘எத்தனை ஆண்டு ஓடும்’ என்ற ஒரு மதிப்பீட்டில் விளையாடியே இவ்வளவு தூரம் போக முடியும்.

வராது என்று தெரியும், யாரிடமிருந்து என்று தெரியாது

அடுத்து, வர வேண்டிய பாக்கி. நம் கோவைக் கம்பெனி கடனுக்கு விற்கிறது. 2025 மார்ச் 31 அன்று வாடிக்கையாளர்கள் தர வேண்டியது 50 லட்சம். இதில் முழுசும் வராது என்பது முதலாளிக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் யார் ஏமாற்றுவார்கள் என்று பெயர் சொல்ல முடியாது. எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் கை வைக்க முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. இங்கேதான் எதிர் கணக்கு தேவைப்படுகிறது.

பாக்கியை வயது வாரியாகப் பிரிக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பாக்கி 36 லட்சம். அதில் 1 சதவீதம் வராது என்று மதிப்பீடு, 36,000. மூன்று முதல் ஆறு மாதம் ஆனது 8 லட்சம். 3 சதவீதம், 24,000. ஆறு மாதம் முதல் ஒரு ஆண்டு வரை 4 லட்சம். 20 சதவீதம், 80,000. ஒரு ஆண்டைத் தாண்டியது 2 லட்சம். 80 சதவீதம், 1,60,000. மொத்தம் 3 லட்சம். இந்தச் சதவீதங்கள் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பழைய வசூல் அனுபவத்திலிருந்து எடுப்பவை.

கணக்கில் ஏற்கெனவே போன ஆண்டின் ஒதுக்கீடு 2.2 லட்சம் மிச்சம் இருக்கிறது. அதனால் இந்த ஆண்டு செலவாகப் போவது 3 லட்சம் இல்லை, வித்தியாசம் 80,000 மட்டும்தான். புதிதாகக் கணக்கு பழகுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

வர வேண்டிய பாக்கி – 50,00,000
கழிக்க: ஐயக்கடன் ஒதுக்கீடு – (3,00,000)
நிகரம் – 47,00,000

ஜூன் மாதம் ஒரு வாடிக்கையாளர் கடையை மூடிவிட்டுப் போய்விடுகிறார். அவர் தர வேண்டிய 1.2 லட்சம் இனி வராது என்று உறுதியாகிவிட்டது. இப்போதுதான் பெயர் கிடைத்திருக்கிறது. ஒதுக்கீட்டைப் பற்று வைத்து, அவர் கணக்கை வரவு வைக்கிறார்கள். பாக்கி 48.8 லட்சமாகிறது, ஒதுக்கீடு 1.8 லட்சமாகிறது, நிகரம்?

அதே 47 லட்சம். ஒரு ரூபாய் மாறவில்லை. இலாப நட்டக் கணக்கையும் இந்தப் பதிவு தொடவில்லை.

நிஜமாகவே 1.2 லட்சம் போயிருக்கிறது, லாபத்தில் அடி விழவில்லையா என்றால், அடி முன்பே விழுந்துவிட்டது. ஒதுக்கீடு போட்ட நாளில் லாபம் குறைந்தது. தள்ளுபடி செய்யும் நாளில் ஏற்கெனவே எழுதிவைத்த பயத்துக்கு ஒரு பெயர் ஒட்டுகிறோம், அவ்வளவுதான். முழுக்கச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த வயதுப் பிரிவுக்கு 80 சதவீதம்தான் ஒதுக்கியிருந்தோம். அவர் விஷயத்தில் மீதி 20 சதவீதமான 24,000 ரூபாய், அடுத்த முறை மதிப்பீடு செய்யும்போது செலவாக வந்து சேரும்.

தள்ளுபடிகள் ஒதுக்கீட்டையே தாண்டிப் போய்விட்டால், எதிர் கணக்கு பற்று இருப்புக்கு மாறி நிற்கும். ஆண்டு நடுவில் எடுக்கும் டிரையல் பேலன்ஸில் இப்படிப் பார்த்தால், போன ஆண்டு மதிப்பீடு ரொம்ப நம்பிக்கையாகப் போட்டது என்று அர்த்தம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒதுக்கீடு அதிகம் என்று சொல்லி ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தால் அது நேராக லாபத்தைக் கூட்டும். விற்பனை படுத்துக் கிடக்கும் ஆண்டில் லாபம் மட்டும் தெம்பாக இருந்தால், ஒதுக்கீட்டுக் கணக்கின் ஆரம்ப இருப்பு, சேர்த்தது, பயன்படுத்தியது, திரும்ப எடுத்தது, இறுதி இருப்பு என்ற வரிசையைத் தேடிப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ‘திரும்ப எடுத்தது’ என்ற வரியில் இருக்கும்.

இப்போது வங்கிச் செய்திக்கு வருவோம்

ஒரு வங்கி மொத்தம் 1,000 கோடி கடன் கொடுத்திருக்கிறது என்று வைப்போம். அதில் 90 நாளுக்கு மேல் தவணை வராத வாராக்கடன் 40 கோடி. அதற்காக வைத்திருக்கும் ஒதுக்கீடு 30 கோடி. மொத்த வாராக்கடன் விகிதம் 1,000-ல் 40, அதாவது 4 சதவீதம். நிகரம் கணக்கிட, மேலேயும் கீழேயும் ஒதுக்கீட்டைக் கழிக்க வேண்டும்: 970-ல் 10, அதாவது 1.03 சதவீதம்.

அந்த 40 கோடியில் 25 கோடிக்கு முழுமையாக ஒதுக்கீடு போட்டாகிவிட்டது. அதை வங்கி ‘டெக்னிகல் ரைட் ஆஃப்’ செய்கிறது. வாராக்கடன் 15 கோடியாகிறது, மொத்தக் கடன் 975 கோடியாகிறது, ஒதுக்கீடு 5 கோடியாகிறது. மொத்த விகிதம் இப்போது 1.54 சதவீதம். நிகரம்? 970-ல் அதே 10. அதே 1.03 சதவீதம்.

கோவை வாடிக்கையாளர் விஷயத்தில் நடந்த அதே கணக்குதான். ஒரு ரூபாய்கூட வசூலாகாமல் மொத்த வாராக்கடன் சரிந்திருக்கிறது. அதனால் ‘மொத்த வாராக்கடன் குறைந்தது’ என்ற தலைப்பைப் பார்த்தால், வசூலால் குறைந்ததா, தள்ளுபடியால் குறைந்ததா என்று கேட்பதுதான் முறை. நிகரம் நகராமல் மொத்தம் மட்டும் வேகமாக இறங்கியிருந்தால், தள்ளுபடிக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘வங்கிகள் பணக்காரர்களுக்கு இத்தனை கோடி தள்ளுபடி’ என்ற செய்தியும் இங்கேதான் குழம்புகிறது. இந்த வகைத் தள்ளுபடியில் தலைமை அலுவலகக் கணக்கில் கடன் நீக்கப்பட்டாலும், கிளைக் கணக்கில் வாங்கியவர் பெயரில் அது அப்படியே இருக்கும். அவர் கட்ட வேண்டிய கடமை போகாது. வழக்கும் ஏலமும் தொடரலாம். கடனை மன்னித்துவிடுவது வேறு சமாச்சாரம். அதே நேரம், ‘இது வெறும் கணக்குப் பதிவு, யாருக்கும் நட்டமில்லை’ என்று சொல்வதும் ஏமாற்று. அந்த 25 கோடியும் முந்தைய ஆண்டுகளில் ஒதுக்கீடாக வங்கியின் லாபத்தைத் தின்றுவிட்டது. நட்டம் நடந்து முடிந்தது. அன்றைக்கு அது செய்தியாகவில்லை, அவ்வளவுதான்.

எங்கே நிற்கிறது என்பதே வழக்கானது

எதிர் கணக்கு சொத்துப் பக்கத்தில் கழித்து நிற்க வேண்டுமா, பொறுப்புப் பக்கத்தில் தனியே நின்றால் என்ன, கூட்டிக் கழித்தால் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றலாம். உச்ச நீதிமன்றம் 2010-ல் இரண்டு வருமான வரி வழக்குகளில் இதைத் தொட்டது.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, வாராக்கடனைக் கணக்கில் தள்ளுபடி செய்தால் வரிக் கழிவு உண்டு. சும்மா ஒதுக்கீடு வைத்தால் கிடையாது. (வங்கிகளின் ஒதுக்கீட்டுக்குத் தனிச் சலுகை உண்டு, அதை விட்டுவிடுவோம்.) சதர்ன் டெக்னாலஜிஸ் என்ற நிதி நிறுவனம், ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியதால்தான் ஒதுக்கீடு வைத்தோம், அதனால் கழிவு வேண்டும் என்று கோவை வருமான வரி இணை ஆணையருக்கு எதிரான வழக்கில் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி விதி கணக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது, வரிக்குரிய வருமானத்தை அது தீர்மானிக்காது என்றது.

அடுத்தது விஜயா வங்கி வழக்கு. அந்த வங்கி 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. ஆனால் தீர்ப்பு இன்றைக்கும் பேசப்படுகிறது. அவர்கள் இலாப நட்டக் கணக்கில் செலவு காட்டி, ஒதுக்கீட்டுக் கணக்கில் வரவு வைத்து, அதோடு நிற்காமல் இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் கடன் தொகையிலிருந்து அதைக் கழித்தே காட்டியிருந்தார்கள். வரித்துறை, ‘ஒவ்வொரு கடன்காரர் கணக்கையும் தனித்தனியாக மூடவில்லையே, இது எப்படித் தள்ளுபடியாகும்?’ என்று கேட்டது. மூடினால், ‘உங்கள் கணக்கிலேயே கடன் இல்லையே’ என்று கடன்காரர் வசூல் வழக்கில் தப்பிக்கப் பார்ப்பார் என்பது வங்கியின் கவலை. நீதிமன்றம் வங்கி பக்கம் நின்றது. செலவு காட்டிவிட்டு, சொத்துப் பக்கத்தில் அந்த அளவுக்குக் குறைத்து நிகரமாகக் காட்டினால் அது தள்ளுபடிதான். தனித்தனிக் கணக்குகளை மூட வேண்டிய அவசியமில்லை. அதே தொகையைப் பொறுப்புப் பக்கத்தில் ஒதுக்கீடாக நிறுத்தியிருந்தால் அது வெறும் ஒதுக்கீடு.

எண் ஒன்று, செலவு ஒன்று. எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் வரி மாறியது. இதை உங்கள் கம்பெனிக்கு அப்படியே பொருத்திப் பார்க்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஆண்டறிக்கையில் எங்கே தேடுவது?

இருப்புநிலைக் குறிப்பின் முதல் பக்கத்தில் எதிர் கணக்குகள் பெரும்பாலும் தெரியாது. இந்தியக் கம்பெனிகள் பின்பற்றும் மூன்றாம் அட்டவணை வடிவத்தில் அங்கே நிகர எண் மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு குறிப்பு எண் போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

நிலைச் சொத்துக் குறிப்பு அகலமான அட்டவணையாக இருக்கும். போனில் பார்த்தால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பகுதியில் மொத்த மதிப்பின் ஆரம்பம், சேர்ப்பு, நீக்கம், முடிவு. அடுத்த பகுதியில் தேய்மானத்துக்கும் அதே வரிசை. கடைசியில் நிகரம். மொத்த மதிப்பில் நீக்கம் இருந்து, தேய்மானப் பகுதியில் நீக்கமே இல்லை என்றால், முன்பு சொன்ன ஆவி நினைவுக்கு வரட்டும்.

பாக்கிக் குறிப்பில் மொத்தம், கழித்த ஒதுக்கீடு, நிகரம் மூன்றும் இருக்கும். 2021 ஏப்ரல் முதல் பாக்கியின் வயது அட்டவணையும் கட்டாயம்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு ஆண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்று ஆண்டுக்கு மேல். இந்த அட்டவணையை ஒதுக்கீட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் நிற்கும் பாக்கி 40 லட்சம், ஒதுக்கீடு வெறும் 5 லட்சம் என்றால் நிர்வாகத்திடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கையில் கிடைத்துவிட்டது.

சின்ன நிறுவனங்களில் டாலியைத் திறந்தால் இதெல்லாம் கிடைக்காமல் போகலாம். பல இடங்களில் தேய்மானத்தை இயந்திரக் கணக்கிலேயே நேராக வரவு வைத்துவிடுகிறார்கள். சில ஆண்டு கழித்து அந்த இயந்திரம் எவ்வளவுக்கு வாங்கியது என்பதே பழைய பில்லைத் தேடினால்தான் தெரியும். திரண்ட தேய்மானத்துக்கு `Fixed Assets` குழுவின் கீழ் தனி லெட்ஜர் திறந்தால் போதும், சொத்துப் பக்கத்திலேயே கழிந்து நிற்கும். ஐயக்கடன் ஒதுக்கீட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பலரும் லெட்ஜரை `Provisions` குழுவில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குழு `Current Liabilities` கீழ் வருவது. அப்போது 50 லட்சம் பாக்கி குறையாமல் சொத்துப் பக்கத்தில் நிற்கும், 3 லட்சம் எதிர்ப்பக்கத்தில் யாருக்கோ கொடுக்க வேண்டிய கடன் மாதிரி உட்கார்ந்திருக்கும். லெட்ஜரைத் திறந்து, குழுவை `Current Assets` என்று மாற்றிவிட்டு இருப்புநிலைக் குறிப்பை மறுபடி பாருங்கள். இரண்டு பக்கத்தின் கூட்டலும் 3 லட்சம் குறைந்திருக்கும்.